ஒரு எண்ணுக்கு ஒரு டோக்கன்

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப்புக்காக நான் சேர்ந்தது பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டியைக் கட்டியபோது, வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடுப்பு முதல் வாரம் முழுக்க என் முகத்தில் இருந்திருக்கும். மேலே ஜிம், கீழே ஸ்வீட் கடை, நடுவில் நாங்கள். மதியத்துக்கு மேல் எடை விழுகிற சத்தமும் நெய் வாசனையும் சேர்ந்து வரும். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக வேலை பார்ப்பதே பெரிய தவம்.

என் வேலை யூசர் ஸ்டோரி எழுதுவது. ஒரு வசதி யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்று இரண்டு வரியில் சொல்வதுதான் ஸ்டோரி. அதன் கீழே அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது வேலை முடிந்தது என்று ஒத்துக்கொள்வதற்கான நிபந்தனைகள். இன்ன நிலையில், ஒருவர் இன்னது செய்தால், இன்னது நடக்க வேண்டும். அதைப் பார்த்து டெவலப்பர் செய்வார், அதை வைத்தே டெஸ்டர் சோதிப்பார். வகுப்பில் இதற்கு நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

முதல் ஸ்டோரியில் 'டோக்கன் எடுப்பது எளிதாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும்' என்று எழுதி, பெருமையாகத் திரையில் போட்டுக் காட்டினேன். எங்கள் டெஸ்டர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்லதுக்கு இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

"எளிதுன்னா யாருக்கு? வேகம்னா எவ்வளவு வேகம்? இத வச்சு நான் எதப் பாஸ் பண்ண, எத ஃபெயில் பண்ண?"

டெவலப்பர் அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "அக்கா, பிள்ள கவிதை எழுதியிருக்கா. ரசிச்சுட்டு விட்டிருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். சாயங்காலம் அக்கா இரண்டு நிபந்தனைகளை மட்டும் திருப்பி அனுப்பினார். அண்ணன் கீழே போய் எனக்கு ஒரு அல்வாப் பொட்டலம் வாங்கி வந்தார். இவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தனியார் மருத்துவமனைக்கான டோக்கன் செயலி. அந்த மருத்துவமனையின் டாக்டரம்மாவுக்கு ஒரு பெரிய குறை. யாரோ நாலைந்து பேர் விடியக்காலையிலேயே வந்து கை நிறைய டோக்கன் வாங்கி, தெரிந்தவர்களுக்கு விநியோகிக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் ஒரு எண்ணுக்கு ஒரு டோக்கன் என்ற விதி. 'நோயாளியாக, நான் வீட்டிலிருந்தே டோக்கன் எடுக்க வேண்டும்' என்று எழுதி, அதன் கீழே நிபந்தனை போட்டேன்: ஒரு போன் எண்ணில் அன்றைய டோக்கன் ஏற்கெனவே இருக்கும் நிலையில், அதே எண்ணிலிருந்து மறுபடி கேட்டால், 'இந்த எண்ணில் இன்று ஒரு டோக்கன் உள்ளது' என்று காட்ட வேண்டும், புதிய டோக்கன் தரக் கூடாது. கூடி உட்கார்ந்து பேசினோம். எல்லோரும் தலையாட்டினோம். அக்காவுக்கே அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணன் அதைப் புரோகிராமாக எழுதும்போது மாலை போட்டிருந்தார். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு அந்த வருஷம் காளி வேடம் கட்டுவதாக நேர்ந்திருந்தார். சிவப்பு வேட்டி, செருப்பில்லாத கால், ஒரு நேரச் சாப்பாடு. ஜாதிமல்லி வாசனையும் நெய் வாசனையும் போட்டிபோடுகிற அறையில் பட்டினியோடு உட்கார்ந்து கோடிங் செய்தார். அவர் ஊர் வள்ளியூர்ப் பக்கம். ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத் தவணை வேலை, முடிகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய தசராக் குழு வேனில் கிளம்புகிறது. எந்த ஸ்டோரியும் பாக்கியில்லாமல் முடிந்தால் லீவு என்று சென்னையில் இருக்கும் எங்கள் புராடக்ட் மேனேஜர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை மருத்துவமனையில் செயலியைத் திறப்பதாகத் திட்டம். ஸ்டோரியைப் பார்த்து ஒத்துக்கொள்கிற பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்திருந்தார். அண்ணன் வேனில் ஏறுவதும் ஏறாததும் என் கையில் இருந்தது.

வியாழக்கிழமை அக்கா எல்லா நிபந்தனைக்கும் பச்சை டிக் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து போன்.

"ஏ பிள்ள, ரெண்டு மகளுக்கும் காய்ச்சல். நம்ம ஆளுங்க திங்கக்கிழமைக்கு முன்ன டோக்கன் எடுத்துப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்கள்லா, அதுல எடுத்தேன். பெரியவளுக்குத் தந்துட்டு. சின்னவளுக்குத் தர மாட்டேங்குது. சவம், ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்குது!"

நான் அந்த ஸ்டோரியைத் திறந்து பச்சை டிக்கைப் பார்த்தேன்.

"இத எவ பாஸ் பண்ணுனா?"

"நீங்கதான்க்கா."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே போய்விட்டது. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு யார் தன் போனில் தனக்கு மட்டும் டோக்கன் எடுக்கிறார்கள்? அம்மாவுக்கு மகன் எடுப்பான், மாமியாருக்கு மருமகள் எடுப்பாள், மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே போன். என் வீட்டிலேயே அப்பாவின் சர்க்கரை டாக்டருக்கு நான்தான் பதிவு செய்வேன். 'நோயாளியாக' என்று எழுதியதும், நோயாளியின் கையில்தான் போன் இருக்கும் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பிவிட்டோம்.

அக்கா சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். கேலி ஏதாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் புரோகிராமைத் திரையில் திறந்தார்.

"எண்ணிக்கைய மட்டும் கூட்டுனா பத்தாது. ஒரு போன்ல மூணு டோக்கன் இருந்தா, 'உங்கள் முறை வருகிறது'ன்னு செய்தி வந்தா யாரு முறைன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு டோக்கனுக்கும் பேரு வேணும். செய்தியிலயும் பேரு வரணும். கை நிறைய வாரிட்டுப் போறவனையும் தடுக்கணும். ரெண்டு மூணு நாள் வேலை." கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார். "நான் இருந்து முடிச்சுக் குடுத்துட்டே போறேன்."

"வேன் இன்னைக்குல்லா போகுது?"

"அம்பாளுக்கு அடுத்த வருஷமும் தசரா உண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் தியாகம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். "நான் எழுதுனத நீங்க செஞ்சிட்டீங்க. எழுதாததுக்கு நீங்க எதுக்குண்ணே இருக்கணும்?" என்று கத்திவிட்டு, சென்னைக்குப் போன் போட்டேன்.

மேனேஜர் நிதானமானவர். "கிரைட்டீரியா எல்லாம் பாஸ்தானே? அக்செப்ட் பண்ணிடுங்க. திங்கட்கிழமை லைவ் போயிடலாம். இதைப் புது ஸ்டோரியா போட்டு அடுத்த ஸ்பிரிண்ட்ல எடுத்துக்கலாம்."

"அக்செப்ட் பண்றேன் சார். லைவ் மட்டும் வேண்டாம்."

"முடிஞ்ச வேலையை ஏன் நிறுத்தணும்?"

"பேசி ஒத்துக்கிட்டது முடிஞ்சது சார். அது ஜனங்களுக்குப் போதுமாங்கிறது வேற கேள்வி. ரெண்டு பிள்ளையோட வர்ற அம்மாவை ஒரு பிள்ளைக்குத்தான் டோக்கன்னு நாம திருப்பி அனுப்புவோம்."

அவர் யோசித்தார். வாடிக்கையாளரிடம் கொடுத்த வாக்கு அவருடையது, தள்ளிப்போட்டால் தலைகுனிவும் அவருக்குத்தான். கடைசியில், "டாக்டர்கிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நானே சொல்றேன்" என்றேன். நாக்கு முந்திக்கொண்டது.

டாக்டரம்மாவிடம் பேசுவதற்கு நான் மூன்று விதமான மன்னிப்பு தயார் செய்து வைத்திருந்தேன். நடந்ததைச் சொல்லி, தசரா முடிந்த பிறகு திறக்கலாமா என்று கேட்டதும் அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"அடுத்த வாரம் யாரும்மா வரப்போறா? என் நர்சுங்க பாதிப் பேரு இப்பவே குலசை தசராவுக்குப் போயாச்சு. எல்லாரும் திரும்பி வந்து கால்வலி, தொண்டைவலின்னு நிப்பாங்க. அப்பத் திறப்போம். பைய, அவசரமில்லாம நல்லபடியாச் செஞ்சு கொண்டுவாங்க."

இதுவும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காலண்டரைப் பார்த்துத் தேதி குறித்த மேனேஜர் சென்னையில் இருந்தார் என்றால், மாலை போட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன பார்த்தோமோ!

பழைய ஸ்டோரியை ஒத்துக்கொண்டதாகக் குறித்துவிட்டு, புதியதை எழுத உட்கார்ந்தேன். 'வீட்டில் ஒருவருக்காக டோக்கன் எடுப்பவராக, என் போனில் யாருடைய முறை என்று பெயரோடு தெரிய வேண்டும்.' அதற்கப்புறம் எதற்காக என்ற பகுதி. 'அப்போதுதான் நேரம் மிச்சமாகும்' என்று தட்டினேன்.

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார்.

"அது இல்லம்மா."

"பிறகு எதுக்கு?"

"போன வருஷம் எங்கம்மைய ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். டோக்கன் என் போன்ல இருந்தது. தாகமா இருக்குன்னு சொன்னா, இளநி வாங்க வெளிய போனேன். செய்தி வந்திருக்கு, ரோட்டுச் சத்தத்துல கேக்கல. அங்கன நம்பரக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம நம்பர் போயிரும்னு அவளே எந்திச்சு நடந்திருக்கா. படியில விழுந்து இடுப்பெலும்பு போச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். மாலை போட்ட நாளிலிருந்து, என்ன நேர்ச்சை என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. நேர்ச்சையைக் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டோம்.

"இப்ப நடக்காங்களாண்ணே?"

"கம்பு ஊனி நடக்கா. நாளைக்கு வேடம் பாக்க வருவா."

குனிந்து, நான் எழுதியதை அழித்துவிட்டு, நின்றபடியே தட்டினார்: 'அப்போதுதான் அம்மா தனியாக எழுந்து நடக்க வேண்டியிருக்காது.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். "வாறேன்மா" என்று சொல்லி, செருப்பில்லாத காலோடு படியிறங்கிப் போனார்.

மேலே யாரோ எடையைத் தொப்பென்று போட்டார்கள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதன் கீழே முதல் நிபந்தனையை எழுதினேன். அம்மாவின் டோக்கன் மகனின் போனில் இருக்கிறது, மகன் வெளியே போயிருக்கிறான் என்ற நிலையில், அம்மாவுக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் இருக்கும்போதே, அம்மாவின் பெயரைச் சொல்லி அவனுடைய போன் மணியடிக்க வேண்டும். அவன் எடுக்கும்வரை நிற்கக் கூடாது.