கடைசிப் பரீட்சைக்குத் தூங்கிய கதை

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒருவன் பரீட்சைக்குப் படிக்கிறானா இல்லையா என்பதை அவன் வீட்டு விளக்கைப் பார்த்துத்தான் எங்கள் தெரு முடிவு செய்யும். பத்து மணிக்கு அணைந்தால் சோம்பேறி. இரண்டு மணி வரை எரிந்தால் பொறுப்பானவன். உள்ளே திறந்திருப்பது புத்தகமா வாயா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

நான் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தேன். எதிர்வீட்டு நண்பன் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங். பள்ளியில் ஒரே பெஞ்சு. சர்க்கார் குமாஸ்தா வேலைக்கான பரீட்சையை இருவரும் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தோம். வயது வரம்புப்படி மூன்றாவது முறைதான் எங்களுக்குக் கடைசி. அதுவும் போனால் ஆயுசு முழுக்க எனக்குப் பஞ்சுத் தூசி, அவனுக்கு அட்டைப் பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் ஒரு வாத்தியார் பரீட்சை வகுப்பு நடத்தினார். கீழே பால் சுண்டும் வாசனை, மேலே தகரக் கூரையின் வெக்கை. எருமைகூடக் கண்ணயர்ந்துவிடும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தூக்கத்தைத் திட்டுவார். “நாலு மணி நேரத்துக்கு மேல தூங்குதவனுக்கு சர்க்கார் நாற்காலி எதுக்கு?” என்பார். அவருக்கு அந்த நாற்காலி கடைசி வரை கிடைக்கவில்லை. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் மத்தியானம் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

நண்பன் அவர் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தூக்கம் வராமலிருக்கக் கால்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு படித்தான். கட்டன் காப்பியைச் சொம்பில் குடித்தான். ஒரே பாடத்தை ஒரே மூச்சில் எட்டு தடவை வாசித்துவிட்டு, முடிந்தது என்று மூடி வைப்பான். மறு மாதம் அதைத் திறந்தால் யாரோ புதிதாக எழுதி வைத்தது மாதிரி பார்ப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். போன முறை பரீட்சை ஹாலில் எனக்கு அந்தப் பதில் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில், எந்த மைக்கறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரை ஞாபகம் வந்தது. பதில் மட்டும் வரவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் மனைவி. நோட்டை வாங்கி என்னிடம் கேள்வி கேட்பது அவள் வேலை.

“நைட் ஷிப்ட் வாரம் படிச்சது நிக்குது. பகல் ஷிப்ட் வாரம் படிச்சது ஓடிப்போவுது. அங்கன காலைல வந்து செத்த நேரம் படிச்சிட்டு, நல்லாத் தூங்கி எந்திரிக்கிய. இங்கன தூக்கத்த வெட்டிட்டுப் படிக்கிய. அம்புட்டுதான்” என்றாள்.

இரண்டு வாரம் நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து வந்த யோசனையை ஏற்றுக்கொள்ள ஆம்பிளைக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா? மூன்றாவது வாரம் முதல் எந்த ஷிப்டாக இருந்தாலும் ஏழு மணி நேரம் தூங்கினேன். புதுப் பாடத்தைப் படுக்கப் போகும் முன் படித்தேன். எழுந்ததும் நோட்டைத் திறக்காமல் சொல்லிப் பார்த்தேன்.

அவள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி, எந்தத் தேதியில் திரும்பக் கேட்க வேண்டுமோ அந்தத் தேதித் தாளுக்குள் சொருகி வைப்பாள். முதலில் மறுநாள், பிறகு மூன்றாம் நாள், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் இரண்டு வாரம். சரியாகச் சொன்ன கேள்விக்கு இடைவெளி நீளும். தப்பாகச் சொன்னால் அது மறுபடி மறுநாளைக்கே வந்துவிடும். சில கேள்விகள் பிடிவாதமாகத் தினமும் வந்து நின்றன. மறந்துபோகிற சமயம் பார்த்துக் கேட்டால் கஷ்டப்பட்டு யோசிப்பேன். அப்படி யோசித்துச் சொன்னது பிறகு நழுவவில்லை.

பகல் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. விழித்ததும் விடிந்துவிட்டதென்று பல்பொடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். பூக்காரம்மா சிரித்தாள். அன்று ராத்திரி ஒழுங்காகத் தூக்கமும் வரவில்லை. மறுநாள் முதல் இருபதாவது நிமிஷம் மனைவி எழுப்பிவிடுவாள். முகம் கழுவி உட்கார்ந்தால் தலை தெளிந்திருக்கும்.

இதை நண்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்னறை விளக்கை எரியவிட்டு, பின்னறையில் போய்த் தூங்கினேன்.

“யாருக்கு எரியுது இது?” என்றாள் மனைவி.

“திருட்டுப் பய வருவான்” என்றேன். எங்கள் வீட்டில் திருடுவதற்கு அந்தக் காலண்டர்தான் இருந்தது.

உண்மைக் காரணம் கேவலமானது. எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், எனக்குப் போட்டியாகக் கண்ணில் பட்டவன் அவன் ஒருவன்தான். என் விளக்கு எரியும் வரை அவன் படுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். வாத்தியாரை இவ்வளவு கேலி செய்கிறேனே, அவராவது தான் நம்பியதைத்தான் சொன்னார்.

பரீட்சைக்கு முந்தின நாள் புதிதாக எதையும் தொடாமல், சொருகியிருந்த தாள்களை மட்டும் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தேன். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நேர் ரோடு, அரை மணிகூட ஆகாது. அதற்குள் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். இறங்கும்போது நான்தான் எழுப்பினேன்.

எழுதி முடித்து வெளியே வந்தவன் கண் சிவந்திருந்தது. “எல்லாம் படிச்சதுதான் மாப்ள. தொண்டைல நிக்குது, வரமாட்டேங்குது” என்றான். எனக்கு வேலை கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆர்டர் வந்த அன்று முதலில் மாலை வாங்கி வந்தவன் அவன்தான். குனிந்து அந்த மாலையை வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் அவன் மகள் பிளஸ் டூவுக்கு வந்தாள். பொதுப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தான். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருவளையம். கையிலிருந்த நோட்டில் பாதி மனப்பாடம், பாதி கண்ணீர்.

“எப்படிப் படிக்கணும்னு இந்த மாமாட்ட கேட்டுக்கோ தாயி. விடிய விடிய படிப்பாரு. ஒரு நாளு இவரு வீட்டு லைட்டு அணைஞ்சு நான் பாத்ததில்ல. எனக்குத்தான் அந்த வைராக்கியம் இல்லாமப் போச்சு” என்றான் அவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி காப்பி டம்ளரோடு வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போயி நல்லாத் தூங்கு தாயி. படிச்சத நாளைக்கு ஒரு தடவ, மூணு நாளு கழிச்சு ஒரு தடவ சொல்லிப் பாரு. மாமா தூங்கித்தான் பாஸ் பண்ணாரு. லைட்டுதான் முழிச்சிருந்துச்சு.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தான். ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினான்.

“அத்த சொல்லுததக் கேட்டுக்கிட்டியா? வா, வீட்டுக்குப் போயித் தூங்கு” என்றான்.