பூஜ்யம் புள்ளி மூன்று

அந்த ஆபீசில் அவளையும் முதலாளியையும் தவிர்த்துப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால். நேரில் "அக்கா" அல்லது "மேடம்". அவள் பாடம் நடத்தியவள் அல்ல. விளம்பர ஏஜென்சி ஒன்றில் நிர்வாகம் பார்ப்பவள். ஆள் லீவு போட்டால் மாற்று ஏற்பாடு செய்வது, வாடிக்கையாளர் கத்தினால் போனை வாங்கிக் கேட்டுக்கொள்வது, பிரிண்டர் மக்கர் செய்தால் தட்டிப் பார்ப்பது, எல்லாம் அவள் தலையில்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஓ.கே.ஆர். ரிவ்யூவை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். பிடித்துச் செய்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஓ.கே.ஆர். என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காலாண்டின் தொடக்கத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு குறிக்கோள் எழுத வேண்டும். சேர்ந்துவிட்டோமா என்று எப்படித் தெரியும்? அதற்கு எண்ணிப் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று முடிவுகளை அதன் கீழே எழுத வேண்டும். அவற்றுக்குப் பெயர் கீ ரிசல்ட். மூன்று மாதம் கழித்து அவரவர் தனக்குத்தானே பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். இலக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்படுவதால் பூஜ்யம் புள்ளி ஏழு வந்தாலே கொண்டாடலாம். ஏழும் அதற்கு மேலும் பச்சை, நாலிலிருந்து ஆறு வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. எல்லாம் ஒரே ஷீட்டில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி.

இதைக் கொண்டுவந்த அன்று அவள் எல்லாரையும் உட்கார வைத்து ஒன்று சொன்னாள். "இந்த மார்க்குக்கும் உங்க வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. சிவப்பு வந்தா யாரும் திட்ட மாட்டாங்க. ஏன் வந்துச்சுன்னு பேசுவோம், அவ்வளவுதான். பயந்துக்கிட்டு பொய் மார்க் போட்டீங்கன்னா இந்த ஷீட்டைக் குப்பையில போட்டுடலாம்." பக்கத்தில் நின்ற முதலாளி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் நம்பினாள். சீ, எப்படித்தான் நம்பினாளோ!

இரண்டு காலாண்டு நன்றாகவே போயிற்று. மூன்றாவதன் நடுவில் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் கை கழுவிவிட்டுப் போனார். ஆபீசில் சத்தம் குறைந்தது. முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போன் பேச ஆரம்பித்தார்.

ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் அவள் ஒவ்வொருவர் வரியாக உட்கார்ந்து சரிபார்த்தாள். மார்க் போட்டால் போதாது, பக்கத்தில் ஆதாரத்தின் இணைப்பையும் போட வேண்டும் என்பது அவள் விதி. எழுத்துக்காரர் வரியில் நின்றாள். ஆபீசில் கட்டுரை, வாசகம் எல்லாம் எழுதுகிற மனிதர் அவர், நாற்பத்தாறு வயது, அதிர்ந்து பேசாதவர். அவருடைய கீ ரிசல்ட்: வாடிக்கையாளர்களின் வெற்றிக் கதைகள் ஆறு நம் வலைத்தளத்தில் வெளியாக வேண்டும். அவர் பூஜ்யம் புள்ளி ஆறு போட்டிருந்தார்.

"சார், வெளிவந்தது ரெண்டுதானே?"

"ஆமா மேடம். மீதி நாலும் எழுதி முடிச்சாச்சு. வாடிக்கையாளர் சரின்னு சொல்லணும், அங்கதான் கிடக்குது. அதுக்குப் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாவே கணக்கு வெச்சு ஆறு போட்டேன்."

"எழுதினது உங்க உழைப்பு சார், நான் இல்லேங்கல. ஆனா நாம எழுதி வெச்சது 'வெளியாகணும்'னு. ஆறுல ரெண்டுன்னா பூஜ்யம் புள்ளி மூணுதான். மூணுன்னு போட்டாத்தான், வாடிக்கையாளர்கிட்ட ஒப்புதல் வாங்குற இடத்துல அடைப்பு இருக்குன்னு மீட்டிங்ல பேச முடியும்."

அவர் திரையில் அந்தக் கட்டத்தைச் சுட்டிக் காட்டினார். "சிவப்பா போயிடுமே மேடம். இப்ப இருக்கிற நிலைமையில..."

"ஒண்ணும் ஆகாது சார். நான் இருக்கேன்ல?"

அவர் மூன்று என்று மாற்றினார். கட்டம் சிவந்தது.

அடுத்த வரி முதலாளியின் மச்சினனுடையது. விளம்பரங்களைப் பார்த்துக்கொள்பவன். அவனுக்கு ஆபீசில் பட்டப்பெயர் 'பச்சை', ஏனென்றால் அவன் வரியில் இதுவரை வேறு நிறம் வந்ததே இல்லை. அவனுடைய கீ ரிசல்ட்: தகுதியான விசாரணைகள் நாற்பது. யாரோ போகிற போக்கில் கேட்டதெல்லாம் விசாரணை ஆகாது. போனில் பேசி, இவருக்குத் தேவை இருக்கிறது, முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது என்று உறுதி செய்தால்தான் தகுதியானது. காலாண்டு தொடங்கும்போது அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் 'வலைத்தளப் படிவம் நிரப்பியவர்கள்' என்று இருந்தது. நாற்பத்து மூன்று. மார்க் ஒன்று. பச்சைப் பசேல்.

அவள் படிவங்களைத் திறந்து பார்த்தாள். பதினெட்டு பேர் இவர்களிடமே எதையோ விற்க வந்தவர்கள். ஒன்பது பேர் வேலை கேட்டவர்கள். ஒருவர் வெறும் முற்றுப்புள்ளிகளாக நிரப்பியிருந்தார். ஒன்று, கர்மம், அவனைப் பெற்ற தாயே நிரப்பியது. கழித்தால் உருப்படியாகப் பதினான்கு தேறியது. நாற்பதுக்குப் பதினான்கு என்றால் அவனும் சிவப்புதான்.

திருத்தங்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். பதின்மூன்று வாரக் காலாண்டில் பதினோராவது வாரம் அந்த வாசகம் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியது பச்சை அல்ல. முதலாளி. பரீட்சை முடியப்போகிற நேரத்தில் கேள்வித்தாளையே மாற்றியிருக்கிறார் மனுஷன்.

மறுவாரம் கண்ணாடி அறையில் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். ஷீட் சுவரில் தெரிந்தது. அவள் எழுத்துக்காரரிடமிருந்து தொடங்கினாள். அடைப்பு எங்கே என்று பேசினார்கள். வாடிக்கையாளரிடம் முதல் வாரமே ஒப்புதல் தேதி வாங்கிவிட வேண்டும் என்று டிசைனர் நல்ல யோசனை சொன்னாள். "இப்படித்தான் மார்க் போடணும், எல்லாரும் பாத்துக்குங்க" என்று அவள் வேறு, எல்லார் முன்னாலும் அவரைக் காட்டிச் சொன்னாள். அந்த மனிதர் கூச்சத்தோடு சிரித்தார்.

பச்சையின் வரி வந்தது.

"தம்பி, இந்த நாப்பத்து மூணுல போன்ல பேசி உறுதி செஞ்சது எத்தனை?"

"அக்கா, அதான் மாத்திட்டோமே. படிவம்தான் கணக்கு." வாய் கூசாமல் சொன்னான்.

"எப்ப மாத்துனீங்க?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான்தான் மாத்தச் சொன்னேன். சும்மா நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. அடுத்த வரிக்குப் போங்க."

டிசைனர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது, மாற்றியவர் பெயரும் தேதியும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, திறக்கட்டுமா என்று. திறக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

அன்று மாலை முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். ஷீட்டின் அச்சுப்பிரதி மேசை மேல் இருந்தது. சிவப்பாக இருந்த ஒரே வரியைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"ஒரு ஆளைக் குறைக்கணும். வேற வழியில்ல. யாருன்னு ஷீட்டே சொல்லுது பாருங்க."

"சார், இந்த மார்க்குக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லேன்னு நான் சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன், யார் இல்லேன்னா? அது நல்ல காலத்துப் பேச்சு. இப்ப எனக்குக் கையில ஒரு காரணம் வேணும். நாளைக்கு அவர் ஏன்னு கேட்டா, நானா போடலையே, அவரே போட்ட மார்க்குதானே?"

"நான் போட வெச்ச மார்க்கு சார்! அவர் ஆறுன்னுதான் போட்டார். உங்க மச்சினன் வரியை நீங்க மாத்தலேன்னா அதுவும் சிவப்புதான். நீங்க மாத்துன தேதி வரைக்கும் என்கிட்ட இருக்கு."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வந்திருந்தால் கூடப் பரவாயில்லை. மனுஷன் சிரித்தார். "அவனை அனுப்பினா நான் வீட்டுக்குள்ள போக முடியுமா? உங்களுக்கும் குடும்பம் இருக்கு, புரியும். எழுத்துக்காரர்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. உங்க மேல அவருக்கு நல்ல நம்பிக்கை."

மனுஷனா இவன்! நம்பிக்கையாம். அந்த நம்பிக்கையைத்தான் கத்தியாகத் தீட்டி அவள் கையில் கொடுக்கிறான். அவள் முடியாது என்றாள். முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு எழுத்துக்காரரைக் கூப்பிட்டுத் தானே சொல்லி முடித்தார், இரண்டு நிமிஷத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே.

எழுத்துக்காரர் மேசையைக் காலி செய்யும்போது அவள் போய் நின்றாள். மன்னிச்சிடுங்க என்ற வார்த்தை அவளுக்கே பம்மாத்தாகப் பட்டது.

"நீங்க வருத்தப்படாதீங்க மேடம்" என்றார் அவர், மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டே. "ஆறுன்னு இருந்தா மஞ்சளாயிருக்கும், தப்பிச்சிருப்பேன். எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீங்க இருக்கேன்னு சொன்னீங்க, மாத்திட்டேன்."

திட்டியிருக்கலாம். திட்டாமல் போய்விட்டார் பாவி மனுஷன்.

வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் கணவரும் அதைத்தான் கேட்டார். "விட்டுட்டு வா, பாத்துக்கலாம்" என்றார். அவளும் மூன்று முறை ராஜினாமாக் கடிதம் எழுதினாள். ஒவ்வொரு முறையும் வேறு இடம் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டதை நியாயம் என்று பூசி மெழுகவும் செய்தாள். அடுத்த காலாண்டு வந்துவிட்டது.

இந்த முறை யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் நேரத்துக்கு நிரப்பினார்கள். முன்பு 'தொண்ணூறு சதவீத வேலையின் முதல் வரைவு சொன்ன தேதியில் போக வேண்டும்' என்று இருந்த இடத்தில் இப்போது 'தேதிகளைக் கண்காணிக்க வேண்டும்'. கண்காணித்தார்கள், மார்க் ஒன்று. 'வாடிக்கையாளரைச் சந்திக்க வேண்டும்'. சந்தித்தார்கள், ஒன்று. ஒன்றரை மணி நேர ரிவ்யூ ஏழு நிமிஷத்தில் முடியப்போகிறது என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது. முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஷீட்டைப் பார்த்து, "இப்பத்தான் டீம் செட் ஆகியிருக்கு" என்றார். அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

பதினொரு வரியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. டிசைனருடையது. ரிவ்யூவுக்கு முதல் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பழைய மாதிரியே கஷ்டமான இலக்கா வெச்சுட்டேன். கணக்குப் போட்டா பூஜ்யம் புள்ளி மூணுதான் வருது. ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், மீட்டிங்ல பேசினா சரிபண்ணிடலாம். அப்படியே போட்டுடட்டுமாக்கா?"

சுற்றிலும் யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் எல்லார் காதும் இங்கேதான் இருந்தது.

டீச்சரம்மா ஷீட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "வேண்டாம்மா" என்றாள் குரலைத் தாழ்த்தி. "மார்க்கை மட்டும் மாத்தினா ஆதாரம் இடிக்கும். முதல்ல இலக்கைக் குறைச்சுக்கோ. அப்புறம் ஒண்ணுன்னு போடு."

டிசைனர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவள் காட்டிய இடத்தில் எண்ணை அழித்தாள். சொல்லிக்கொடுக்கும்போது குரல் கொஞ்சமாவது பிசிறும் என்று டீச்சரம்மா எதிர்பார்த்தாள். பிசிறவே இல்லை. முதலாளியை நினைத்துக்கூட அவளுக்கு இப்படி ஒரு அருவருப்பு வந்ததில்லை.