பூஜ்யமாய் வந்த பதினைந்து

“ஒன்பது வினாடியா? கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துட்டீங்களா, அண்ணா?” என்று பக்கத்து மேசையிலிருந்து அவள் கேட்டாள்.

“சிரிம்மா, சிரி. நம்ம தளத்துல இருக்கை வரைபடம் வர்ற வரைக்கும் எண்ணினேன். சில தடவை ஒன்பது.”

“நான் எழுதின ஸ்கிரிப்ட் தானாவே நாற்பது தடவை பக்கத்தைத் திறந்து பாத்துச்சு. சராசரி ஒரே வினாடி.”

“அப்ப அதுக்கு வேற ஊர் பஸ் போல” என்று சொல்லிவிட்டு அவர் தேநீரை எடுத்துக்கொண்டு போனார்.

பேருந்து முன்பதிவுத் தளத்தைச் சோதிக்கும் அந்தக் குழுவில் அவருக்குப் பெயரே கடிகாரம்தான். பதினோரு வருடமாகக் கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தை அழுத்தி அழுத்தி அவர் வலது கட்டைவிரல் தடித்துப்போயிருந்தது. கோபமே வராது. மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் அம்மாவுக்கு ஃபோன் செய்து, “மாத்திரை போட்டாச்சா?” என்று மட்டும் கேட்பார்.

அவருடைய அறிக்கையும் அவளுடைய அறிக்கையும் ஒரே நாளில் மேலாளரின் மேசைக்குப் போயின. “மெஷினே சொல்லுது. விரலை நம்பி எத்தனை நாள் ஓட்டறது?” என்றார் மேலாளர். மாத முடிவில் கடிகாரத்தின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து, வேறொன்றைத் தேடப்போய் அவள் சராசரியை விட்டு மூல எண்களைத் திறந்தாள். நாற்பதில் பதினைந்து பூஜ்யம். ஸ்கிரிப்ட்டை வரி வரியாகப் படித்தாள்.

சோதனை ஓட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று, பக்கம் முழுதாக ஏறும்வரை காத்திருக்க வேண்டாமென ஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தாள். திறந்த இரண்டு வினாடியில் உலாவியின் நேரப் பதிவைக் கேட்டுவிடும். அதற்குள் ஏறி முடித்த பக்கத்துக்கு உலாவி சரியான நேரத்தைச் சொல்லும். இன்னும் முடியாத பக்கத்துக்கு, முடிந்த நேரம் என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். மெதுவான பக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகி, சராசரியைக் கீழே இழுத்திருந்தன.

அந்த இடத்தில் பூஜ்யம் மாறும்வரை காத்திருக்கச் செய்து மறுபடி ஓட்டினாள். பூஜ்யம் ஒன்றுகூட இல்லை. சராசரி நாலரையைத் தொட்டது. பதினைந்து பக்கங்கள் ஒன்பதை ஒட்டி நின்றன.

மேலாளரிடம் ஓடினாள். “திருத்திட்டேல்ல, விடு. அவரோட போஸ்ட்டையே எடுத்தாச்சு” என்று அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

சாயங்காலம் படிக்கட்டில் நின்று கடிகாரத்தை அழைத்தாள். அவர் பக்கம் வண்டிகளின் இரைச்சல் கேட்டது. தப்பு தன்னுடையது என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

“பூஜ்யமா?” என்றார். “அப்ப ஒன்பது சரிதானே?”

“சரிதான், அண்ணா.”

“போதும்மா. அழாதே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு உதவி. தினமும் பையை மாட்டிட்டு வெளிய வந்து பூங்கால உக்காந்திருக்கேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. என்னைக்காவது ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டாங்கன்னா, நான் மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடும்மா.”