சுவரைத் தொடாத கட்டில்

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை கிடைத்து தர்மபுரியிலிருந்து வந்தபோது, தங்க இடம் கிடைத்ததே பெரிது என்று நினைத்தேன். மாடியில் ஒரே அறை, மூலையில் சமையல் மேடை. என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி கரூர்காரி, ரிசார்ட் சமையலறைக்கு விடியுமுன் போய், மதியம் வந்து தூங்குவாள். மற்றவள் ஜார்கண்டிலிருந்து வந்தவள், அதே ரிசார்ட்டின் லாண்டரியில் வேலை. எங்களைவிட இளையவள். தமிழை எங்களிடம்தான் கற்றுக்கொண்டாள்.

அறை பத்துக்குப் பத்து. மூன்று மெத்தைகளை விரித்தால் கதவு பாதிதான் திறக்கும். மதியம் கரூர்காரி தூங்கும்போது நானும் ஜார்கண்ட் பெண்ணும் அவளைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்புக்குப் போவோம். துணியெல்லாம் பைகளில். மழை மாதத்தில் மெத்தையைப் புரட்டினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது.

கட்டிலும் அலமாரியும் சுவரில் பதித்துவிடலாம் என்று நான் சொன்னேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா உடனே மறுத்துவிட்டார்.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது கண்ணு. முன்ன இருந்தவங்க ஓட்டை போட்டு, மழைத்தண்ணி உள்ள இறங்கி, ஊடு நொம்ப ஊறிப் போச்சு."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஜார்கண்ட் பெண் மட்டும் அடுத்த நாள் சாக்பீஸ் வாங்கி வந்து தரையில் கோடு போட ஆரம்பித்தாள். சுவரைத் தொடாமல் தானே நிற்கும் இரும்புச் சட்டத்தில் கட்டில் செய்யலாம் என்றாள். கட்டில் இங்கே, மேசை அங்கே என்று உண்மையான அளவிலேயே வரைந்தாள். "ரெண்டு நாள் இந்தக் கோட்டை மிதிக்காம நடக்கணும் அக்கா. எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க," என்றாள். நடந்தோம். மேசைக் கோட்டில் கதவு வந்து மோதியது. அழித்து வேறு இடத்தில் போட்டாள். என்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, தரையிலிருந்து உச்சந்தலை வரை டேப்பில் அளந்தாள். மேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் கூரை இடிக்கக் கூடாதாம்.

விடுமுறை நாளில் நானும் அவளும் சேலம் போனோம். வரிசையாக ஓட்டை போட்ட கனமான இரும்பு ஆங்கிள்களை அவள் தாளில் எழுதிய நீளத்துக்கே கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். மறுநாள் ரிசார்ட்டின் காய்கறி வண்டியில் அவை மலையேறின. படுக்கைக்கான பலகைகள் இங்கேயே சில்வர் ஓக் மரத்தில் அறுத்து வாங்கியவை. இடைவெளி விட்டுப் பரப்பினால் மெத்தைக்கு அடியில் காற்று போகும் என்றாள்.

ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பகல் போல்ட் முடுக்கினோம். ஒரு சுவரோரம் கீழும் மேலுமாக இரண்டு கட்டில்கள். பக்கத்துச் சுவரோரம் உயரத்தில் மூன்றாவது. அதன் கீழே துணி அடுக்க இடம், மடக்கினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் மேசை. எல்லாம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே நின்றன.

ஆசையாக ஏணியில் ஏறினேன். சட்டம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. பயத்தில் இறங்கி, "இதெல்லாம் நமக்கு ஆகாத வேலை, கழட்டிடு," என்று கத்திவிட்டேன்.

அவள் கழற்றவில்லை. ஒரு கையால் சட்டத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த ஆங்கிள்களை எடுத்துப் பின்பக்கத்திலும் தலைமாட்டிலும் குறுக்காகச் சாய்த்து முடுக்கினாள். மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்தாள். கடைசியாக இரண்டு சட்டங்களையும் மூலையில் ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்தாள். மேல் கட்டில்களின் ஓரத்தில் விழாமல் இருக்கத் தடுப்புக் கம்பியும் போட்டாள்.

"இப்ப ஏறுங்க அக்கா."

ஏறினேன். அசையவே இல்லை. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டபோது, "பயந்தா கத்தத்தான் செய்வாங்க," என்று சிரித்தாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். "என்ன கண்ணு பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றபடி சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். ஒரு ஓட்டை இல்லை. தரையில் கீறல் விழாமல் கால்களுக்கு ரப்பர் மாட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார். மேசையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

"நீயா சாமி செஞ்ச?"

அவள் தலையாட்டினாள்.

"பக்கத்துப் போர்ஷன்ல நாலு பசங்க பையும் பாயுமா கெடக்கறாங்க. அவிங்களுக்கும் சொல்லிக் குடு. சாமான் நான் வாங்கித் தாரேன்."

கட்டட வேலைக்கு வந்த அந்த நாலு பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அரைகுறைத் தமிழும் இந்தியுமாக, யாரையும் அதட்டாமல், எந்த போல்ட் எங்கே என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். நான் முதல் தடங்கலிலேயே கைவிட்ட வேலை அது. அதை நினைத்தபோது வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.