மூன்றாவது கம்பத்து வாயு

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் நின்றவருக்குத் தெரு வைத்த பெயர் அரை டாக்டர். மீதி அரை என்பது படிப்பு. அது இல்லாததை யாரும் குறையாக நினைக்கவில்லை, அவர் உட்பட. வந்தவர் ‘நெஞ்சுல...’ என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் அஜீரணத்துக்கான ரோஸ் நிற மருந்து மேசையில் இருக்கும். எதிர்க்கடைத் தையல்காரர் வாரம் ஒரு புட்டி வாங்குவார். அவரும் முழுக்கதையைச் சொல்லி முடித்ததில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கிக் கடைக்குப் போகும் தெரு லேசான மேடு. பூட்டைத் திறக்க நேரமாகிவிடும் என்று அரை டாக்டர் தினமும் விறுவிறுவென்று ஏறுவார். ஒரு நாள் மூன்றாவது மின்கம்பத்தருகே நடுநெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இறுக்கம். இடது தாடைவரை இழுத்தது. கம்பத்தில் சாய்ந்தார், சட்டைப்பையிலிருந்த புட்டியில் இரண்டு மடக்கு குடித்தார், கம்பத்தில் ஒட்டியிருந்த வாடகை வீட்டு விளம்பரத்தைப் படித்தார். நாலு நிமிஷத்தில் நெஞ்சு லேசானது. ஆக, வாயு. அதற்குப் பிறகு காலைதோறும் அதே கம்பம், அதே மருந்து, அதே வாடகை வீடு.

மனைவிதான் மடக்கினாள்.

“ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு மல்லாந்து படுக்கிறீங்க, அப்ப ஒண்ணும் இல்ல. காலைல வெறும் வயித்தோட மேட்டுல ஏறினா மட்டும் வருதே, அது என்னங்க வாயு?”

“அது உழைக்கிற வாயுடி. உன் தம்பிக்கெல்லாம் வராது.”

ஒரு நாள் புட்டியை மறந்து வந்துவிட்டார். கம்பத்தருகே இறுக்கம் வந்தது. வேறு வழியில்லாமல் சும்மா நின்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி. நாலு நிமிஷம். போய்விட்டது. ஒரு சொட்டு மருந்தில்லாமல்.

அவருக்குப் புரிந்துவிட்டது. நாக்குக்கடியில் வைக்கும் இதய மாத்திரையை எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார், ‘உட்கார்ந்துகிட்டு வைங்க’ என்று சொல்லி! சாப்பாட்டோடும் படுக்கையோடும் வந்து எரிந்தால் வயிறு. நடந்தால் இறுக்கி, நின்றால் விட்டுவிட்டால் இதயம். இது தெரியாத ஆளில்லை அவர். ஆனால் பக்கத்துத் தெரு டாக்டரின் பெஞ்சில் காத்திருப்பவர்களெல்லாம் இவருடைய வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நடுவில் டோக்கனோடு உட்கார்ந்தால் அரை டாக்டர் கால் டாக்டராகிவிடுவாரே!

எனவே நோயைத் தொடாமல் நடையைக் குணப்படுத்தினார். முந்தின பஸ்ஸில் வந்து, மெல்ல ஏறினார். இறுக்கம் வரவில்லை. வீட்டில் வெற்றியை அறிவித்தார்.

மாதம் ஒன்று போனது. மெல்ல நடந்தும் இரண்டாவது கம்பத்தில் வந்தது. அப்புறம் முதல் கம்பத்தில். நோய் கீழிறங்கி அவரை எதிர்கொள்ள வருவதைக்கூட அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு மத்தியானம், கடை ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. இம்முறை போகவில்லை. வியர்வையில் சட்டை ஊறியது. விஷயம் தெரிந்த அதே மனிதர், பயத்தில் ரோஸ் மருந்தை எடுத்து ஒரு மணி நேரம் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். வயிறாக இருந்துவிடாதா என்ற நப்பாசை. தையல்காரர்தான் பார்த்துவிட்டு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்.

அடைப்பைத் திறந்தார்கள், ஆனால் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டிருந்தது. பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: குழாய் குறுகியிருந்தாலும் சும்மா இருக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதும், வேகமாக நடந்தால் அது கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது, வலிக்கும், நின்றால் கேட்பது குறையும், வலி நிற்கும். மூன்றாவது கம்பத்திலேயே வந்திருந்தால் தசையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். செத்த தசை திரும்பாது என்றார்.

இப்போது வீட்டு மாடி ஜன்னலோரம் கட்டில். குளியலறை எட்டு அடி. போய்வந்தால் மூச்சு வாங்குகிறது.

பார்க்க வந்த தையல்காரர் தைரியம் சொன்னார். “பயப்படாதீங்கண்ணே. எனக்கும் வேகமா நடந்தா நெஞ்சைப் பிடிக்கும். நீங்க குடுத்த மருந்துல நாலு மடக்கு, கொஞ்ச நேரத்துல போயிடுது. கைராசி.”

அரை டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அது மருந்தால போகல. நீ நின்னதால போகுது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.”

தையல்காரர் அரை டாக்டரின் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாலே இப்படித்தான் அண்ணி. எல்லாருக்கும் இதயம்னு தோணும்.” அவளும் எவ்வளவோ சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கடை நேரமாகிறது என்று எழுந்தார்.

ஜன்னல் வழியே அரை டாக்டர் பார்த்தார். தையல்காரர் வேகமாக நடந்து, தெருமுனைக் கம்பத்தருகே நின்றார். ஒரு கை நெஞ்சுக்குப் போனது. இன்னொரு கை பையிலிருந்து ரோஸ் புட்டியை எடுத்தது. கூப்பிடும் அளவுக்கு இவரிடம் மூச்சில்லை.

நாலு நிமிஷம். தையல்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துப் புட்டியை உயர்த்திக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று நடந்தார்.