கல்யாண ஆல்பத்தில் ஒரு குழி

தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. முகப்பருவை எடுப்பேன், தொப்பையைக் குறைப்பேன், கண்மூடி நிற்கும் மாமாவுக்கு வேறொரு படத்திலிருந்து கண் கொண்டுவந்து வைப்பேன். "ஏட்டி, நீ மவுஸ் பிடிச்சா பிரம்மனுக்கு வேலை இல்ல" என்று முதலாளி அண்ணன் சொன்னதைப் பாராட்டு என்றே நம்பினேன்.

ஒரு மழைக்காலத்தில், கடலோர ஊர் ஒன்றின் வார்டு மெம்பர் கடைக்கு வந்தார். அவர் மகனின் கல்யாணத்தை நாங்கள்தான் படம் எடுத்திருந்தோம். அடுத்த நாலாம் நாள் மகன் துபாய்க்குத் திரும்ப வேண்டும். மானிட்டரில் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். மாதா கோயிலிலிருந்து மணமக்கள் வீட்டுக்கு வரும் படம். வாசல் முன்னால் ரோட்டில் பெரிய குழி, நிறைய செம்மண் தண்ணீர். மாப்பிள்ளை ஒரு கையால் பேண்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலை அந்தரத்தில் வைத்துத் தாண்டுகிறார். இன்னொரு கை பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறது.

"இந்தக் குழி வரப்பிடாது மக்கா. அவனுக்க கூட்டுக்காரனுவ எல்லாம் பாப்பானுவ. மெம்பர் வீட்டு நடையில குழின்னா எனக்கில்லா கொறச்சல்?"

ரோட்டைப் போட்டிருந்தால் வம்பே இல்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

படத்தில் குழியில்லாத தாரிலிருந்து கொஞ்சம் நகலெடுத்துக் குழியின்மேல் பூசுவதுதான் வேலை. கேட்க எளிது. முதல் தடவை ஒரே இடத்திலிருந்து எடுத்ததில் ஒரே வெற்றிலைத் துப்பல் ஐந்து இடத்தில் வந்து நின்றது. அழித்துவிட்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தேன். கிட்டே ஜல்லி பெரிதாகத் தெரியும், தூரத்தில் பொடியாகும். மாற்றிப் பூசினால் ரோடு செங்குத்தாக நிற்கும். கடைசியில் காலடியில் மங்கலாக நிழல் போட்டேன், இல்லாவிட்டால் ஆள் மிதப்பான். பஞ்சாயத்து எத்தனையோ வருஷமாகச் செய்யாததை மத்தியானத்துக்குள் முடித்தேன். மெம்பர் கண் கலங்காத குறை. நானும் அந்த மிதப்பில் பழைய படத்தின்மேலேயே சேமித்து மூடிவிட்டேன். கேமரா கார்டை அண்ணன் ஏற்கெனவே அழித்து அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பியிருந்தார்.

மறுநாள் மணமக்கள் வந்தார்கள். பெண் அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.

"சும்மா கெடக்க ரோட்டுல இவரு எதுக்குச் சாடுதாரு?"

உண்மைதான். வழுவழுப்பான ரோட்டில் கோட் போட்ட மாப்பிள்ளை தவளையாட்டம் துள்ளிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது.

"குழிய எடுத்துட்டியளா அக்கா? எனக்கு அது வேணும். கோயில்ல ஃபாதர் சொல்லித்தான் கையப் பிடிச்சாரு. இங்கதான் யாரும் சொல்லாம பிடிச்சாரு. இவரு போனா இனி ரெண்டு வருசம் நான் இதத்தான பாத்துட்டு இருக்கணும்?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பழைய படம் இல்லை என்று சொல்லத் துணிவில்லாமல், நாளை மறுநாள் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். விஷயம் கேட்ட அண்ணன் தலையிலடித்துக்கொண்டு கேமராவைக் கையில் கொடுத்தார். "போயி அந்தக் குழிய எடுத்துட்டு வா."

பஸ் பிடித்துப் போனால் குழியைக் காணோம். புதுசாக சிமெண்ட் பூசி, சுற்றிலும் கல் வைத்திருந்தது. மெம்பர் பெருமையாக நின்றார். "ஒனக்க படத்தப் பாத்ததுல எனக்கே ஆசை வந்துட்டு மக்கா. அதுபோலயே இருக்கா?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மருமகள் கேட்டதை அப்படியே சொன்னேன். மனுஷர் தலையைச் சொறிந்தபடி, "அடுத்த வார்டுக்குப் போ. ஒனக்கு எத்தன வேணும்?" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் கவனித்தேன்.

அடுத்த வார்டில் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் குழிகள் இருந்தன. பழைய படத்தின் அதே உயரத்தில் கேமராவை வைத்து, மேகமூட்டம் வரும்வரை காத்திருந்து எடுத்தேன். கடைக்கு வந்து அதைப் படத்தில் வைத்து, ஓரங்களைத் தாரோடு கலந்து, ஷூவும் சேலைக் கரையும் தண்ணீருக்கு மேலே வரும்படி வெட்டினேன். அவற்றையே தலைகீழாக்கி மங்கலாக்கி, தண்ணீரில் தெரியவைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டு ரோட்டைக் கெடுத்ததில்லை.

அவள் வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எங்க குழி இல்ல அக்கா. எங்களுக்க குழியில நடுவுல ஒரு கல்லு கெடந்துது."

பிடிபட்டுவிட்டேன். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, மன்னிச்சிரும்மா என்றேன்.

அவள் மானிட்டரில், தன் கையைப் பிடித்திருக்கும் மாப்பிள்ளையின் கைமேல் விரலை வைத்தாள். "இது?"

"அத நான் தொடல்ல."

"அப்ப போதும்" என்றாள்.