வடக்குச் சுவரை நோக்கி நான்கு வில்கள்

அக்தர் பானு எழுதிய கடிதம் நான்கு பக்கம். எந்த வரியிலும் கெஞ்சல் இல்லை. அதுதான் முதல் குற்றம்.

மும்பை செம்பூரில் தமிழர் அறக்கட்டளை ஒன்று நடத்தும் பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. ஒப்பந்த வேலை, ஆண்டுதோறும் ஜூனில் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்கமாட்டார்கள். தாராவியில் தோல் பை தைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரியில் வில்வித்தை கற்று, பல்கலைக்கழக அணிக்காகப் போட்டியிட்டு, பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கியிருந்தாள். பெண்பிள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பதா என்று ஜமாத்தில் கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லி முடித்துவிட்டாள். பெரிய மனிதர்களைக் கண்டு வாயடைத்துப் போகும் பழக்கம் அதற்குப் பிறகு அவளுக்கு இல்லை.

பள்ளி முதல்வருக்கு அவள் எழுதியது இதுதான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு, வாரம் இரண்டு நாள், பள்ளி விட்டபின் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை வில்வித்தைப் பயிற்சி. மூங்கில் வில் நான்கு, அம்பு மூன்று டஜன், அழுத்திக் கட்டிய வைக்கோல் இலக்கு இரண்டு, அம்பு தாண்டிப் போகாமலிருக்க வலை, கைக்காப்பு, விரல் காப்பு. எல்லாம் சேர்த்து ஐம்பத்தேழாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மூன்று கடைகளின் விலைப்புள்ளியையும் இணைத்திருந்தாள்.

விதிகள் தனிப் பக்கம். எல்லோரும் ஒரே கோட்டில் நின்றுதான் எய்ய வேண்டும். விசில் இரண்டு தடவை ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒரு தடவை ஊதினால் எய்யலாம், மூன்று தடவை ஊதினால் வில்லைக் கீழே வைத்துவிட்டு அம்பு பொறுக்கப் போகலாம். தொடர்ந்து ஊதினால் நாண் இழுத்தவளும் அப்படியே இறக்கிவிட வேண்டும். அம்பு பூட்டாத நாணை இழுத்து விடக் கூடாது, வில் உடையும். இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்குகையில் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. வெளியே வரும் அம்பின் பின்முனை கண்ணைக் குத்தும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது திசை. மைதானத்தின் வடக்கே மூன்று ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர். கிழக்கே தகர வேலி மட்டும்தான். அதற்கு அப்பால் சால் எனப்படும் ஒற்றை அறை வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாய். சாயங்காலம் அங்கே எப்போதும் குடத்தோடு பெண்கள், அவர்கள் காலடியில் பிள்ளைகள். ஆகவே வடக்குச் சுவரை நோக்கித்தான் எய்ய வேண்டும் என்று எழுதினாள். அந்தச் சுவரின் ஒரு மூலையில் அறக்கட்டளை கட்டிய பிள்ளையார் சன்னதி இருந்தது. பயிற்சி முடியும்வரை சன்னதிப் பாதையின் கேட் பூட்டியிருக்க வேண்டும், சாவி பயிற்சியாளரிடம் இருக்க வேண்டும் என்பது ஆறாம் விதி.

முதல்வர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காக்காரர், மென்மையானவர். யாருக்கும் முடியாது என்று சொல்லாத மென்மை. கடிதத்தை அறக்கட்டளைப் பொருளாளர் விசாலாக்ஷிக்கு அனுப்பினார். பத்து நாளில் திரும்பி வந்தது. திட்டத்துக்கு ஒப்புதல், பணத்துக்கும் ஒப்புதல். ஆறாம் விதியை மட்டும் சிவப்பு மையில் அடித்து, ‘கிழக்கு நோக்கி எய்யலாம்’ என்று எழுதியிருந்தது.

பானு நேரே முதல்வர் அறைக்குப் போனாள். விசாலாக்ஷியும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கிழக்கே தகரம்தானே இருக்கிறது என்று பானு கேட்டாள். வலை கட்டப்போகிறாளே, பிறகென்ன பயம் என்றார் விசாலாக்ஷி. தாழ்வாக வரும் அம்பை வலை தடுக்கும், புதிதாகப் பழகுகிறவள் கை நழுவி மேலே விட்ட அம்பு வலையைத் தாண்டிப் போகும் என்று பானு பொறுமையாகவே விளக்கினாள். அந்தப் பக்கம் யார் இருக்கா, சால்காரா தானே, நாலரை மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போயிருப்பா என்று பதில் வந்தது. அதற்குமேல் பொறுமை நிற்கவில்லை.

“மேடம், அந்தச் சன்னதிய ஐயர் காலையில பதினோரு மணிக்குச் சாத்துறாரு. ஆறு மணிக்குத்தான் திறக்காரு. பாதை கேட்டுக்கும் அவரேதான் பூட்டுப் போடுறாரு. நான் கேக்குற நேரம் பூராவும் அது பூட்டித்தானே கெடக்கு?”

விசாலாக்ஷி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நடை சாத்தறது சாஸ்திரம்மா. நீ பூட்டச் சொல்றது வேற.”

முதல்வர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. அதே பூட்டு, அதே சாவி, அதே மணி. எழுதிய கையின் பெயர்தான் வேறு. ஒரு கல்லுக்கு அவமானம் வந்துவிடுமாம். குழாயடியில் நிற்கும் பிள்ளைக்கு அம்பு பட்டால் பரவாயில்லையாம்!

அப்படியானால் கிழக்கு நோக்கி எய்வதற்கு நான் பொறுப்பில்லை, உங்களில் ஒருவர் கையெழுத்துப் போடுங்கள் என்று பானு கடைசிப் பக்கத்தை நீட்டினாள். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் தன் பெயரை அங்கேயே அடித்தாள். காகிதம் மேஜையில் கிடந்தது. விசாலாக்ஷி கைப்பையைத் துழாவினார். முதல்வர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். இருவரும் தொடவில்லை. அம்பு எங்கே போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வீட்டில், அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் அப்ரார் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஒனக்கு எதுக்குத்தா இந்த வேல? அவுங்க சாமி விஷயத்துல போயி கைய வைக்கே.”

“சாமி மேல நான் எங்க காக்கா கை வச்சேன்? சுவத்து மேலல்லா வச்சேன்.”

ஜூன்ல சீட்டைக் கிழிச்சிருவான் பாத்துக்கோ என்றான் அவன். கிழிக்கட்டும் என்றாள்.

ஒரு வாரம் கழித்து முதல்வர் அவளைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். அதே கடிதத்தை அவர் தன் பெயரில் எழுதி அனுப்புவாராம். வடக்குச் சுவர், பூட்டு, சாவி, ஒன்றும் மாறாது. அவள் பெயர் மட்டும் இருக்காது.

“பானு மிஸ், கொழந்தேளுக்காகத்தான் சொல்றேன். நான் எழுதினா விசாலாக்ஷி மாமி ஒண்ணும் சொல்லமாட்டா.”

அவர் முகத்தில் வெட்கம்கூட இல்லை, உதவி செய்யும் பெருமைதான் இருந்தது. பெயர்ப் பட்டியலில் சேர்ந்துவிட்ட பன்னிரண்டு பெண்களும் தினமும் வராந்தாவில் மறித்து, வில் எப்ப மிஸ் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு பானு வெளியே வந்தாள். கழிவறையில் முகம் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

மூன்றே நாளில் ஒப்புதல் வந்தது. ஒரு எழுத்தும் அடிக்கப்படவில்லை. ஆறாம் விதி, அவள் எழுதிய அதே சொற்களில் அப்படியே இருந்தது.

தொடக்க நாளன்று வடக்குச் சுவரின் முன்னால் வைக்கோல் இலக்குகள் நின்றன. வில்களுக்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார்கள். விசாலாக்ஷி மைக்கில், இது நம் முதல்வரின் அருமையான யோசனை, பாதுகாப்பில் அவர் காட்டியிருக்கும் அக்கறையைப் பாருங்கள் என்றார். பெற்றோர்கள் கைதட்டினார்கள். பிறகு, பயிற்சியாளரும் நன்றியாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று மைக்கை நீட்டினார்.

பானு வாங்கிக்கொண்டாள்.

“இந்த விதியெல்லாம் நான் எழுதினது. என் பேருல போனப்ப, சுவத்தப் பாத்து எய்யக் கூடாது, குழாயடியப் பாத்து எய்யுன்னாங்க. சார் பேருல போனதும் சரியாப் போச்சு. கடுதாசி ரெண்டும் ஆபீஸ்ல இருக்கு. பெத்தவங்க கேட்டுப் படிச்சுப் பாக்கணும்.”

யாரும் கைதட்டவில்லை. தகர வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழாயடிப் பெண்களில் ஒருத்தி, என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் மராத்தியில் கேட்டாள். பானு அவர்களுக்காக அதையே ஹிந்தியிலும் ஒருமுறை சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தாள்.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததைச் சொன்னேன் என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். பயிற்சியையே நிறுத்திவிடலாம் என்று விசாலாக்ஷி சொல்லிப் பார்த்தாராம். ஆனால் திட்டம் இப்போது முதல்வருடையது. அவர் கையெழுத்திட்டது, மேடையில் அவர் மாலை வாங்கியது. தன் யோசனை தவறு என்று அவரே எப்படி எழுதுவார்? அவர் எழுதவில்லை.

ஜூனில் என்ன நடக்கும் என்று பானுவுக்குத் தெரியும். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் பன்னிரண்டு பேரையும் பத்து மீட்டர் இலக்கிலிருந்து முப்பது மீட்டர் இலக்குக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று, அவள் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஐயரிடம் சாவி வாங்கப் போனாள்.